499 ரூபாய் பிளான், 883 ரூபாய் பில்

கட்டணச் சீட்டைப் படிப்போம் – 6

போன வாரம் மின் கட்டண அட்டையைப் பார்த்தோம். இந்த வாரம் போஸ்ட்பெய்டு செல்போன் பில். ப்ரீபெய்டில் பணத்தை முதலில் கட்டுகிறோம். அது தீர்ந்தால் சேவை நின்றுவிடும், கடன் ஏறாது. போஸ்ட்பெய்டில் போன் ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு பின்னால் வரும். அதனால் இந்த பில்லைப் படிக்கத் தெரியாவிட்டால், நஷ்டம் நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

தஞ்சாவூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஜூன் 16 அன்று மாதம் 499 ரூபாய் பிளானில் போஸ்ட்பெய்டு இணைப்பு வாங்குகிறார். மாதத்துக்கு 75 ஜி.பி. டேட்டா, உள்நாட்டு அழைப்புகளுக்கு வரம்பு இல்லை. நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை ஒரு சுற்றாகக் கணக்கிடுகிறது. ஜூலை தொடக்கத்தில் முதல் பில் வருகிறது. தொகை 883 ரூபாய். கூடுதலாக எதையும் பயன்படுத்தவில்லை, வெளியூர்கூடப் போகவில்லை. பிறகு எப்படி இந்தத் தொகை?

பில்லின் மேல்பகுதியில் ‘மந்த்லி ரெண்டல்’ என்ற தலைப்பில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி, ஜூன் 16 முதல் 30 வரையிலான 15 நாட்களுக்கான பங்கு. 499ஐ 30 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் 249.50. இரண்டாவது வரி, ஜூலை மாதத்துக்கான முழு வாடகை 499. வீட்டு வாடகையைப் போலவே செல்போன் வாடகையையும் சில நிறுவனங்கள் மாதம் பிறந்ததும் முன்கூட்டியே வாங்கிவிடும்; சில நிறுவனங்கள் மாதம் முடிந்த பிறகு வாங்கும். நம் ஆசிரியரின் நிறுவனம் முதல் வகை. இரண்டையும் கூட்டினால் 748.50.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தமிழ்நாட்டு முகவரிக்கு வரும் பில்லில் இது மத்திய வரி 9, மாநில வரி 9 என இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். மொத்தம் ஏறத்தாழ 134 ரூபாய் 73 காசு. கூட்டினால் 883 ரூபாய் 23 காசு. பில்லில் தப்பில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் போஸ்ட்பெய்டு விலை பெரும்பாலும் வரி சேராத விலை. ப்ரீபெய்டு ரீசார்ஜில் காட்டும் விலையில் வரி உள்ளடக்கம். இரண்டு வகைப் பிளான்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 499க்கு வரியோடு சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. அடுத்த மாதத்திலிருந்து ஆசிரியருக்கு வர வேண்டிய சரியான தொகை இதுதான். இதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அதற்குப் பில்லில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

மாநில வரி எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதை நாம் இருக்கும் இடம் தீர்மானிப்பதில்லை. போஸ்ட்பெய்டில் பில் முகவரிதான் கணக்கு. தஞ்சாவூர் முகவரியில் இணைப்பு வாங்கியவர் பெங்களூரில் ஆறு மாதம் இருந்தாலும் தமிழ்நாட்டு வரிதான் பில்லில் வரும்.

முதல் மாதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. வாடகை பாதி என்றால் டேட்டாவும் பொதுவாகப் பாதிதான். 75 ஜி.பி. என்று நம்பி ஜூன் கடைசி 15 நாட்களில் 46.5 ஜி.பி. செலவழித்திருந்தால், அவருக்கு உண்டான 37.5 ஜி.பி.யைத் தாண்டி 9 ஜி.பி. கூடுதல். பிளானில் ‘வரம்புக்கு மேல் ஜி.பி.க்கு 20 ரூபாய்’ என்று இருந்தால் 180 ரூபாய், வரியோடு 212 ரூபாய் 40 காசு. சில நிறுவனங்கள் இதை ‘எம்.பி.க்கு 2 பைசா’ என்று எழுதும். கேட்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், பெருக்கிப் பார்த்தால் ஜி.பி.க்கு 20 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். வேறு சில பிளான்களில் கட்டணம் ஏறாது, வேகம் மட்டும் குறையும். உங்கள் பிளான் எந்த வகை என்பதை இணைப்பு வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அழைப்புகள் வரம்பற்றவை என்றால் உள்நாட்டு அழைப்புகள் மட்டுமே. தஞ்சாவூரில் உட்கார்ந்து சிங்கப்பூர் எண்ணுக்குப் பேசினால் அது ஐ.எஸ்.டி., தனிக் கட்டணம். இதையும் ரோமிங்கையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ரோமிங் என்பது நாம் வேறு வலையமைப்பின் எல்லைக்குள் போயிருப்பது. இந்தியாவுக்குள் இப்போதைய பிளான்களில் அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. வெளிநாட்டு ரோமிங்கில்தான் பில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஆசிரியர் ஆகஸ்ட் 6 அன்று சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். பத்து நாள் ரோமிங் பேக் ஒன்று வாங்கியிருக்கிறார்; அது இந்திய நேரப்படி 15ஆம் தேதி நள்ளிரவு வரை செல்லும். திரும்பும் விமானம் 16ஆம் தேதி மாலை. அந்த ஒரு பகலுக்கு பேக் இல்லை. பேக் இல்லாத நேரத்துக்கு அடிப்படை ரோமிங் கட்டணம். அது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; நம் கணக்குக்காக டேட்டா எம்.பி.க்கு 10 ரூபாய், அழைப்பு நிமிடத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

16ஆம் தேதி காலையில் தஞ்சாவூரிலிருந்து மனைவி கூப்பிடுகிறார்: “எத்தனை மணிக்கு ஃபிளைட்டுங்க? ராத்திரி சாப்பாடு வைக்கவா?” 5 நிமிடம் 10 விநாடி பேச்சு. ரோமிங்கில் பொதுவாக முழு நிமிடமாக மேலே ஏற்றிக் கணக்கிடுவார்கள், ஆகவே 6 நிமிடம், 300 ரூபாய். வந்த அழைப்புக்கு ஏன் காசு? கூப்பிட்டவர் தஞ்சாவூர் எண்ணுக்குத்தான் கூப்பிட்டார், அவர் கட்டணம் இந்தியாவோடு முடிந்துவிட்டது. அந்தக் குரலை இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வரை கொண்டுபோன செலவும் அங்குள்ள நிறுவனத்தின் கட்டணமும் ரோமிங்கில் இருப்பவர் தலையில் விழுகின்றன.

எடுக்காத அழைப்புக்கும் கட்டணம் வர வாய்ப்புண்டு. போனில் ‘எடுக்காவிட்டால் வேறு எண்ணுக்குத் திருப்பு’ என்று போட்டு வைத்திருந்தால், அழைப்பு சிங்கப்பூர் வரை போய், அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்குத் திரும்பும். போகும் வழிக்கு ஒன்று, வரும் வழிக்கு ஒன்று என இரண்டு கட்டணம். கிளம்புவதற்கு முன் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகிவிடும்.

டேட்டா இதைவிடச் சத்தமில்லாமல் ஓடும். ஆசிரியர் பேரனை எடுத்த வீடியோக்களை போன் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றியது, 120 எம்.பி. அதற்கு 1,200 ரூபாய். அழைப்போடு சேர்த்து 1,500. வெளிநாட்டில் ஓடிய தொகைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 270 ரூபாய். மொத்தம் 1,770. பேக் முடிந்ததும் சில நிறுவனங்கள் டேட்டாவை நிறுத்திவிடும், சில நிறுத்தாது. அதை நம்பாமல் போன் அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ பொத்தானை நாமே அணைத்துவிடுவதுதான் உறுதி. வைஃபையில் வாட்ஸ்அப் பேச அது தடையில்லை.

இந்த 1,770 ரூபாயை அப்படியே கட்டிவிட வேண்டியதில்லை. விவரப் பில்லைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தால், 120 எம்.பி.யில் 40 எம்.பி.க்கு நேரம் ‘ஆகஸ்ட் 16, அதிகாலை 12.40’ என்று இருக்கிறது. ரோமிங் வரிகளில் அச்சாகும் நேரம் பல சமயம் அந்த நாட்டு நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அப்படியானால் அந்த ஏற்றம் நடந்தது இந்திய நேரப்படி 15ஆம் தேதி இரவு 10.10க்கு. அப்போது பேக் உயிரோடு இருந்தது. அதில் டேட்டா மீதம் இருந்திருந்தால் அந்த 400 ரூபாயும் அதன் வரி 72 ரூபாயும் போட்டிருக்கவே கூடாது. பேக்கின் முடிவு எந்தக் கடிகாரப்படி, பில்லில் உள்ள நேரம் எந்தக் கடிகாரப்படி என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் பயணம் செப்டம்பர் பில்லில் இல்லை என்றால் தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் தன் வலையமைப்பில் நடந்த பயன்பாட்டை ‘டேப்’ எனப்படும் பதிவுக் கோப்பாக நம் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அது தாமதமாக வந்தால் கட்டணம் ஒரு பில் தள்ளி வரும். பழைய தேதி போட்ட வரி என்பதாலேயே அது தவறு ஆகாது. பயணச் சீட்டையும் பேக் வாங்கிய குறுஞ்செய்தியையும் இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருப்பது அதனால்தான்.

நாட்டை விட்டு வெளியே போகாமலேயே ரோமிங் விழக்கூடிய இடம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. தனுஷ்கோடி முனையில் நின்றால் போனில் இலங்கை வலையமைப்பின் பெயர் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தலைமன்னார் அவ்வளவு பக்கம். வெளிநாட்டு ரோமிங் வசதி இயக்கப்படாத எண்ணுக்கு இதனால் கட்டணம் வராது. சிங்கப்பூர் போய்வந்து அந்த வசதியை அணைக்காமல் விட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும். வலையமைப்புத் தேர்வை ‘தானியங்கி’ என்பதிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்தால் போதும். ராமேஸ்வரத்தில் இருந்த தேதியில் பில்லில் இலங்கை என்று வந்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கட்டணம் தவறு என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தின் புகார் எண் 198ஐ அழைக்க வேண்டும், அது இலவசம். புகார் பதிவானதும் டாக்கெட் எண் கொடுப்பார்கள். அந்த எண் இல்லாமல் அழைப்பை முடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் புகார் கொடுத்ததற்கே சான்று இல்லை. பதில் திருப்தியாக இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. முறையீட்டில் ‘பில் அதிகம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘ஆகஸ்ட் 16, 12.40 வரி, 40 எம்.பி., 400 ரூபாய், பேக் காலத்துக்குள்’ என்று வரியைச் சுட்டி எழுதினால் அவர்கள் அந்த வரிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தகராறு இல்லாத தொகையைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும், அதன் மேலும் ஜி.எஸ்.டி. வரும்.

(அடுத்த வாரம்: சமையல் எரிவாயு ரசீது)