வீட்டுக்குள் மழை

கணவனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டுக் கூடத்தில் மழை பெய்கிறது. தெருவில் ஒரு சொட்டு இல்லை. மாய யதார்த்தக் கதை ஒன்று இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இதை வாசகர் நம்ப வேண்டுமே, எப்படி?

இந்த வகைக் கதைகளில் அதிசயத்தைவிட அதன் பின்விளைவுகளுக்கே இடம் அதிகம். கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் வந்தது. அதில் மகோந்தோ என்ற ஊரில் 4 ஆண்டுகள், 11 மாதங்கள், 2 நாட்கள் மழை பெய்கிறது. அத்தனை மழை ஏன் என்று விளக்க அவர் மெனக்கெடுவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை எண்ணெய் போடாத இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குள் பூ முளைத்தது என்கிறார். அதைப் படித்ததும் மழையை நம்பிவிடுகிறோம்.

நம் கதையிலும் அப்படித்தான். ஓடு மாற்ற வந்தவர் கூரைமேல் ஏறிப் பார்க்கிறார். எல்லா ஓடும் காய்ந்து கிடக்கிறது. அரிசி மூட்டை பரண்மேல் ஏறுகிறது. தீப்பெட்டியை அவள் முந்தானையில் முடிந்துகொள்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, எங்க சுவருக்கும் ஓதம் ஏறுது" என்று மட்டும் சொல்கிறாள். யாரும் வாய்பிளப்பதில்லை. ஒருவர் வியந்தால்கூட இது வெறும் மந்திரக் கதையாகிவிடும்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்தான். அவள் அழுதால் மழை, தேம்பினால் பெருமழை என்று எழுதிவிடுவார்கள். அப்போது மழை வெறும் உவமையாகச் சுருங்கிவிடுகிறது. மழைக்கென்று தனி விதி வேண்டும். அவன் உட்காரும் நாற்காலி இருந்த இடத்தில் மட்டும், அவன் சைக்கிள் வீடு திரும்பும் ஆறு மணிக்குப் பெய்யட்டும். அவள் நாற்காலியைத் திண்ணைக்கு நகர்த்திப் பார்க்கிறாள். மழை பழைய இடத்திலேயே விழுகிறது. அவள் ஒரு முறைகூட அழவில்லை. துக்கம் என்ற சொல்லே கதையில் தேவைப்படாது.

முடிவும் கவனம் கேட்கிறது. அவள் மனம் தேறியதும் மழை நின்றது என்று முடித்தால், கணக்குப் போட்டு விடை எழுதியதுபோல இருக்கும். மெக்சிக எழுத்தாளர் லாரா எஸ்கிவெல் 1989இல் வெளியிட்ட நாவலில், கதாநாயகி பிறக்கும்போது பெருகிய கண்ணீர் காய்ந்து உப்பாகிறது. அதை மூட்டை கட்டிச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். துக்கம் குடும்பத்தின் புழங்குபொருளாகிவிடுகிறது.

நம் கதையில் மழை நிற்க வேண்டாம். அவள் நாற்காலியை எடுத்த இடத்தில் அண்டாவை வைக்கட்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்து வாசலில் நிற்கட்டும்.