ஐம்பது லட்சம் எங்கே போனது?

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஜவுளிக்கடை 30 நாளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி ஒரு செய்தித் தளத்தில் 50 லட்சம் இம்ப்ரெஷன் வாங்குகிறது. விளம்பரம் ஒருமுறை காட்டப்பட்டால் ஒரு இம்ப்ரெஷன். ஆயிரத்துக்கு 120 ரூபாய் வீதம் மொத்தம் 6 லட்சம் ரூபாய். மாதம் முடிந்ததும் செய்தித் தளம் 50,40,000 முறை காட்டிவிட்டதாகக் கணக்கு அனுப்புகிறது. ஏஜென்சியின் ஆட் சர்வரோ 43,20,000 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் 7,20,000 இடிக்கிறது.

இப்படி இடிப்பதற்குக் காரணம், இரண்டு இயந்திரங்களும் வேறு வேறு இடத்தில் நின்று எண்ணுவதுதான். வாசகர் பக்கத்தைத் திறந்ததும் செய்தித் தளத்தின் சர்வர் எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்து, அதற்கான டேக் எனும் சிறு குறிமுறையை அனுப்புகிறது. அந்த டேக் வாசகரின் போனுக்குப் போய், அங்கிருந்து ஏஜென்சியின் ஆட் சர்வரை அழைக்கிறது. ஏஜென்சியின் எண்ணிக்கை அந்த அழைப்பு வந்து சேர்ந்த பிறகே கூடும். கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றும்போது ஒருவர் எண்ணுகிறார், கடையில் இறக்கும்போது இன்னொருவர் எண்ணுகிறார். வழியில் குறைவது இயல்பு. சிக்னல் மெதுவாக இருந்தால் வாசகர் காத்திராமல் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். சில போன்களில் விளம்பரத் தடுப்பான் இரண்டாவது அழைப்பை மட்டும் மறிக்கும். போலிப் பார்வைகளை ஒரு சர்வர் கழித்திருக்கும், மற்றது கழித்திருக்காது.

இந்த இயல்பான குறைவுக்குத் தொழிலில் ஒரு வரம்பு உண்டு. ஐ.ஏ.பி.யும் 4ஏ'ஸ் அமைப்பும் சேர்ந்து அமெரிக்காவில் வகுத்த நிலையான ஒப்பந்த விதிகள் அதை 10 சதவீதம் என்கின்றன. யாருடைய எண்ணிக்கையை வைத்துப் பணம் தருவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கை மற்றதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இரு தரப்பும் உட்கார்ந்து காரணம் தேட வேண்டும். நம் கடையின் ஒப்பந்தத்தில் இதே விதி இருக்கிறது, ஏஜென்சியின் சர்வரே தீர்மான எண்ணிக்கை என்று கொள்வோம்.

கணக்குப் பார்க்க உட்காருபவர் முதலில் பிரிக்க வேண்டியவை இரண்டு கேள்விகள். திட்டமிட்ட 50 லட்சத்துக்கும் 43.2 லட்சத்துக்கும் உள்ள 6.8 லட்சம், கடைக்கு வந்து சேராதது. செய்தித் தளத்தின் 50.4 லட்சத்துக்கும் 43.2 லட்சத்துக்கும் உள்ள 7.2 லட்சம், இரண்டு எண்ணிகளின் வேறுபாடு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பேச்சுவார்த்தை சண்டையாகிவிடும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. செய்தித் தளத்தின் சர்வர் தன் கணக்கில் இலக்கை எட்டியதும் விளம்பரத்தை நிறுத்திவிடும். ஏஜென்சியின் கணக்கில் அது இன்னும் பாக்கியாகவே இருக்கும்.

சதவீதத்திலும் ஒரு கண்ணி உண்டு. 7.2 லட்சத்தை 50.4 லட்சத்தால் வகுத்தால் 14.3 சதவீதம், 43.2 லட்சத்தால் வகுத்தால் 16.7 சதவீதம். எதால் வகுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால், இருவரும் ஒரே வேறுபாட்டுக்கு இரண்டு விலை சொல்வார்கள். இங்கே செய்தித் தளத்தின் எண்ணிக்கையால் வகுப்போம்.

14.3 என்ற மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. விளம்பர இடம் வாரியாகப் பிரிக்க வேண்டும். கணினியின் முகப்புப் பக்கத்தில் செய்தித் தளம் 12,10,000 என்கிறது, ஏஜென்சி 11,50,000 என்கிறது. வேறுபாடு 5 சதவீதம். மொபைல் தளத்தில் 24,20,000க்கு 22,70,000, அதாவது 6 சதவீதம். இரண்டும் இயல்பானவை. செயலியில் 14,10,000க்கு 9,00,000! இங்கே 36 சதவீதம் காணோம். ஆக, நோய் உடம்பு முழுக்க இல்லை.

அடுத்து செயலியின் கணக்கை நாள் வாரியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் இரு அறிக்கைகளின் நேர மண்டலம் ஒன்றா என்று பார்ப்பது கட்டாயம். ஏஜென்சியின் சர்வர் நியூயார்க் நேரத்தில் ஓடினால், கோடையில் அது நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம் காலை நேரப் பார்வைகள் அங்கே முந்தைய நாளில் விழும். இதனால் மொத்தம் பெரிதாக மாறாது. ஆனால் நாள் கணக்கு முழுக்கத் தடம் புரளும்.

நேரத்தைச் சரிசெய்து பார்த்தால் முதல் 12 நாளில் செய்தித் தளம் 5,64,000, ஏஜென்சி 5,30,000. வழக்கமான 6 சதவீதம்தான். 13ஆம் நாளிலிருந்து செய்தித் தளம் தினமும் சுமார் 47,000 காட்ட, ஏஜென்சியின் எண்ணிக்கை 20,500 அளவுக்கு விழுகிறது. படிப்படியாகச் சரியவில்லை, ஒரே நாளில் படிக்கட்டு போல இறங்கியிருக்கிறது. என் அனுபவ மதிப்பீட்டில், சிக்னலோ தடுப்பானோ இப்படி இறங்கவைக்காது. யாரோ ஒருவர் அன்று எதையோ மாற்றியிருக்கிறார். மாற்றப் பதிவைத் திறந்தால், 13ஆம் நாள் புதிய தள்ளுபடிப் படம் போடப்பட்டது தெரிகிறது.

பழைய டேக்கில் முகவரியின் முடிவு இப்படி இருந்தது:

```
ord=%%CACHEBUSTER%%
```

புதியதைக் கையால் ஒட்டியவர் ஏஜென்சி அனுப்பிய வடிவத்தை அப்படியே விட்டுவிட்டார்:

```
ord=[timestamp]
```

முதல் வடிவத்தில் செய்தித் தளத்தின் சர்வர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை நிரப்பும். இரண்டாவதில் அந்த அடைப்புக்குறி மாறாமலே நிற்கும். முகவரி மாறாததால் போன், ‘இதை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேனே’ என்று தன் கேஷ் நினைவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வாசகர் விளம்பரத்தைப் பார்க்கிறார், செய்தித் தளம் எண்ணுகிறது, ஏஜென்சியின் சர்வருக்கு மட்டும் தகவல் போகவில்லை. செயலியைத் தினமும் பலமுறை திறப்பவர்களிடம் இழப்பு அதிகம், ஏனென்றால் அவர்களுடைய முதல் பார்வை மட்டுமே எண்ணப்படும். இதை உறுதிசெய்ய, அதே டேக்கைச் சோதனைப் பக்கத்தில் போட்டு இரண்டு முறை திறந்து பார்த்தால் போதும். இரண்டாவது முறை குரோம் உலாவியின் Network பகுதியில் `disk cache` என்று வரும்.

இனி பணம். செயலியிலும் வழக்கமான 6 சதவீதமே குறைந்திருந்தால், அந்த 18 நாளில் ஏஜென்சி சுமார் 7,95,000 எண்ணியிருக்கும். மொத்தம் 47,45,000 ஆகியிருக்கும். இது நியாயமான ஊகம்தான், ஆனால் எண்ணிக்கை ஆகாது. பேச உதவும், பில்லில் ஏறாது. இரு தரப்பும் உடன்படவில்லை என்றால் விதிகள் ஏஜென்சிக்கு இரண்டு வழி தருகின்றன. வராததைக் குறைவழங்கலாகக் கொண்டு, மேக்-குட் எனப்படும் ஈட்டு விளம்பரம் கேட்கலாம். அல்லது தன் எண்ணிக்கையுடன் 10 சதவீதம் கூட்டிப் பணம் தரலாம். 43.2 லட்சத்துடன் 10 சதவீதம் சேர்த்தால் 47,52,000. அதற்கு 5,70,240 ரூபாய்.

பொதுவாக ஈட்டு விளம்பரம் நல்ல வழி. ஆடித் தள்ளுபடிக்கு அது உதவாது. ஆவணி பிறந்த பிறகு 6.8 லட்சம் முறை ஆடித் தள்ளுபடியைக் காட்டி கடைக்காரருக்கு என்ன பயன்? இங்கே இரண்டாவது வழிதான் சரி. அது ஊகக் கணக்குக்கும் வெகு அருகில் இருப்பதால் செய்தித் தளத்துக்கும் அநியாயம் இல்லை.

இந்த வேறுபாடு 13ஆம் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டும். தொடங்கிய மூன்றாம் நாளும், படமோ டேக்கோ மாற்றிய மறுநாளும் இரு அறிக்கைகளையும் இடம் வாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள். வழக்கமான குறைவு 6 சதவீதம் என்று தெரிந்தால் செய்தித் தளத்தின் இலக்கை 50 லட்சமாக அல்ல, 53.2 லட்சமாகப் போடச் சொல்லுங்கள். கூடுதலுக்குப் பணம் இல்லை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.