சம்பளச் சீட்டில் பிடித்த 1,545 ரூபாய்

சென்ற வாரம் வேலை உத்தரவைப் பார்த்தோம். இந்த வாரம் முதல் சம்பளச் சீட்டு. விருத்தாசலத்தில் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்த ஒரு தம்பியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். பேசிக், டி.ஏ. சேர்த்து 12,000. வீட்டு வாடகைப் படி 2,000. கைக்கு வந்ததோ 12,455. "மீதி எங்க சார் போச்சு?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

1,440 ரூபாய் பி.எப். பேசிக், டி.ஏ.வில் 12 சதவீதம். வாடகைப் படி இதில் சேராது. பிடித்த பி.எப். பணம் தம்பியின் பெயரிலேயே வட்டியோடு வளரும். முதலாளியும் அதே 1,440 போட வேண்டும். அதில் 1,000 பென்ஷனுக்கு, 440 பி.எப். கணக்குக்கு. மாதப் பென்ஷன் வேண்டுமென்றால் 10 வருட சர்வீஸ் வேண்டும். அதனால் கம்பெனி மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல், பழைய யு.ஏ.என். எண்ணையே புது இடத்தில் கொடுக்க வேண்டும். இன்னொரு 60 ரூபாயையும் முதலாளியே கட்டுகிறார். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு அது. நாமினி பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள்.

மிச்சமுள்ள 105 ரூபாய் இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி பங்கு 455. இதில் தம்பிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. நோயால் லீவு எடுத்தால் 70 சதவீதச் சம்பளம், வருடத்தில் 91 நாள் வரை. ஆனால் ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்பதால் புதியவருக்கு அது உடனே கிடைக்காது. வேலையில் அடிபட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை. முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு.

பீங்கான் தொழிலாளிக்கு இந்த 105 ரூபாய் வேறொரு வகையிலும் முக்கியம். குவார்ட்ஸ் அரைக்கும் இடத்திலும், தரையில் காய்ந்த களிமண் தூசியைத் துடைப்பத்தால் கூட்டும்போதும் பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து சிலிக்கோசிஸாக வெளிப்படும். இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது தொழில்நோய். இழப்பீடு கேட்கும்போது அந்த வேலையில் இவ்வளவு காலம் இருந்தேன் என்று காட்ட வேண்டும். மாதாமாதம் கட்டிய பணம்தான் அப்போது சாட்சி.

சீட்டில் பிடித்துவிட்டு கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு. ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். யு.ஏ.என்.னில் பதிந்த செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எப். விவரம் மெசேஜில் வரும். கடைசியாகக் கட்டிய மாதம் அதில் தெரியும்.

இந்த ஊரின் சின்னப் பட்டறைகள் பலவற்றில் ஆள் குறைவு. பொதுவாக 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.யும், 20 பேர் இருந்தால் பி.எப்.பும் கட்டாயம். உங்கள் பட்டறையில் அத்தனை ஆள் இருந்தும் சீட்டே தரவில்லை என்றால், இந்த மாதமே கேட்டு வாங்குங்கள்.