99 பர்சென்டைல் வாங்கினால் ரேங்க் எவ்வளவு?

ஜனவரி ஜே.இ.இ. மெயின் முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே குழப்பம். ஸ்கோர் கார்டில் 99 என்று இருப்பதைப் பார்த்து, 'நூற்றுக்கு 99 மார்க்' என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அது மார்க் அல்ல. அந்த ஷிப்டில் தேர்வெழுதிய நூறு பேரில் 99 பேர் அவருக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்திருக்கிறார்கள் என்பதே பொருள். வினாத்தாள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவதால், வெறும் மார்க்கை ஒப்பிடாமல் இப்படிக் கணக்கிடுகிறார்கள்.

ரேங்க் என்பது மொத்த வரிசையில் பிடித்த இடம். ஏப்ரல் தேர்வும் முடிந்து, இரண்டில் சிறந்த ஸ்கோரை எடுத்துக்கொண்ட பிறகே அது வெளியாகும்.

2024-ல் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 99 பர்சென்டைல் எடுத்தவருக்கு முன்னால் ஒரு சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 14,000 பேர் நிற்கிறார்கள். 99.5 என்றால் அது 7,000. அரைப் புள்ளியில் 7,000 இடங்கள் வித்தியாசம்! அதனால்தான் பர்சென்டைலை ஏழு தசம இடங்கள் வரை தருகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓ.பி.சி., எஸ்.சி. போன்ற பிரிவினருக்குப் பொது ரேங்க்குடன் பிரிவு ரேங்க்கும் இருக்கும். கவுன்சலிங்கில் கடந்த ஆண்டு கட்-ஆஃபைப் பார்ப்பவர்கள், அது எந்த ரேங்க் என்பதைக் கவனிக்க வேண்டும்.