நாற்பது ஸ்லைடு, இரண்டு பக்கம்

விளம்பரத் திட்டத்துக்கான ஸ்லைடுத் தொகுப்பை, அலுவலகங்களில் ‘டெக்’ என்பார்கள். முதலாளியிடம் பணம் வாங்குவதற்காகச் செய்யப்படுவது அது. அதனால்தான் சந்தை நிலவரம், போட்டியாளர் விற்பனை, டீலர் கமிஷன், எதிர்பார்க்கும் லாபம் எல்லாம் அதில் நிறைந்திருக்கும். வெளியில் இருக்கும் டிசைன் குழுவுக்கு இதில் முக்கால்வாசி வேண்டாம். ஆனாலும் பலர் அதையே மின்னஞ்சலில் தள்ளிவிட்டு, “இதில் எல்லாம் இருக்கிறது” என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாம் இருப்பதுதான் சிக்கல்.

ஒரு நல்லெண்ணெய் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு விளம்பரம் செய்ய நாற்பது ஸ்லைடு டெக் தயார். சுத்தம், பாரம்பரியம், ஆரோக்கியம், நியாயமான விலை என்று நான்கு செய்திகள் முதல் பக்கத்திலேயே நிற்கின்றன. பதினெட்டாவது ஸ்லைடின் ஓரத்தில், சிறிய எழுத்தில், வேறொரு விஷயம் இருக்கிறது. நகரத்து இளம் குடும்பங்கள் நல்லெண்ணெய் வாங்குகின்றன. ஆனால் இட்லிப் பொடிக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் மட்டும்தான். தினசரிச் சமையல் சூரியகாந்தி எண்ணெயில் நடக்கிறது.

பிரீஃப் எழுத உட்காருபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வரியைத்தான். அதிலிருந்து ஒரே வாக்கியம் எழுதலாம்: ‘இட்லிப் பொடிக்கு மட்டும் நல்லெண்ணெய் வாங்குகிறவர், குழம்பு தாளிக்கவும் அதையே எடுக்க வேண்டும்.’ யாரிடம் பேசுகிறோம், அவர் இப்போது என்ன செய்கிறார், இனி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. டெக்கின் நான்கு செய்திகளில் எது இதற்கு உதவும் என்பதும் தெரிந்துவிடும். பாரம்பரியம் உதவாது, ‘இது பாட்டி காலத்து எண்ணெய்’ என்ற எண்ணத்தை அது இன்னும் கெட்டிப்படுத்தும். ஆகவே மாடு சுற்றும் செக்குப் படம் வேண்டாம் என்று பிரீஃபிலேயே காரணத்தோடு எழுதிவிட வேண்டும். காரணம் எழுதாவிட்டால், செக்கு போய் அம்மிக்கல் வரும்.

ஆரோக்கியம் இன்னும் தொல்லையான விஷயம். டெக்கில் ‘இதயத்துக்கு நல்லது’ என்று யாரோ உற்சாகத்தில் எழுதியிருப்பார்கள். உணவு விளம்பரங்களில் இப்படிச் சொல்வதைக் கட்டுப்படுத்த 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகளே கொண்டுவந்திருக்கிறது. டிசைனருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சட்டப் பிரிவு ஒப்புக்கொண்ட சொற்களை மட்டும் அப்படியே பிரீஃபில் கொடுத்து, ‘இவற்றை மாற்றக் கூடாது’ என்று குறிக்க வேண்டும்.

படங்களிலும் இதே கதைதான். மனநிலையைக் காட்டுவதற்காக இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படங்கள் டெக்கில் இருக்கும். நாம் சும்மா வைத்ததை வெளியாள் கட்டளையாக எடுத்துக்கொள்வார். உரிமை நம்மிடம் இருக்கிறது என்றும் நம்பிவிடுவார். ‘இந்த வெளிச்சம் மட்டும் பிடித்திருக்கிறது, படத்தைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

டெக்கில் ‘அவுட்டோர்’ என்று ஒரே சொல்லில் முடிந்தது பிரீஃபில் விரிய வேண்டும்: 20 அடிக்கு 10 அடி ஹோர்டிங், பேருந்தின் பின்புறம், மளிகைக் கடையில் தொங்கும் அட்டை. ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் வரும், தமிழா ஆங்கிலமா என்றும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில வாசகத்துக்கு வரைந்த கட்டத்தில் தமிழைக் கடைசியில் திணித்தால், எழுத்து சிறுத்து ஹோர்டிங்கில் படிக்கவே முடியாது. எனவே தமிழ் வாசகத்தை முதலில் அமைக்கச் சொல்வது நல்லது. தேதிகளைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: கடைக்கு அட்டை போய்ச் சேரும் நாள், அச்சுக்குப் போகும் நாள், ஒப்புதல் நாள். அந்த ஒப்புதலைத் தருபவர் யார் என்று ஒரே ஒருவரைக் குறிப்பிடுங்கள். நான்கு பேர் பெயர் இருந்தால் நான்கு விதமான திருத்தம் வரும்.

டெக்கிலிருந்து சில ஸ்லைடுகளையும் சேர்த்து அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. பவர்பாயின்ட்டில் ஒட்டிய வரைபடத்துக்குப் பின்னால் முழு எக்செல் தாளும் ஒளிந்திருக்கலாம். வலது சொடுக்கினால் டீலர் கமிஷன் வரை திறந்துவிடும். மறைத்து வைத்த ஸ்லைடுகளும், அடியில் எழுதிய பேச்சுக் குறிப்புகளும் கூடவே போகும். வரைபடத்தைப் படமாக ஒட்டி, பிடிஎஃப் ஆக மாற்றி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிரீஃப் சரியா என்பது முதல் மூன்று மாதிரிகள் வந்ததும் தெரிந்துவிடும். தோற்றத்தில் மூன்றும் வெவ்வேறாக இருந்து, மூன்றும் குழம்புத் தாளிப்பையே பேசினால் எழுதியவர் ஜெயித்தார். ஒன்று சுத்தத்தையும், ஒன்று விலையையும், ஒன்று பாட்டியையும் பேசினால் டிசைனரைத் திட்ட வேண்டாம். அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்ப எழுதி, அதே ஒப்புதல்காரரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி அனுப்ப வேண்டும்.