இரு முனையிலிருந்து தேடினால் வேலை பாதியா?

இரண்டுக்கு இரண்டு ரூபிக் கியூபில் எட்டு மூலைத் துண்டுகள் மட்டுமே உண்டு. ஒரு மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டால் மற்ற ஏழும் 5,040 விதமாக இடம் மாறலாம். ஒவ்வொரு துண்டும் தன் இடத்திலேயே மூன்று விதமாகத் திரும்பி நிற்கலாம். ஆனால் ஆறு துண்டுகள் நிற்கும் விதம் தெரிந்துவிட்டால் ஏழாவது எப்படி நிற்கும் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. எனவே மூன்றை ஆறு முறை பெருக்கி வரும் 729-ஐ 5,040-ஆல் பெருக்கினால் போதும்: மொத்தம் 36,74,160 நிலைகள்.

யாரோ கலைத்துக் கொடுத்த கியூபை மிகக் குறைந்த திருப்பங்களில் சேர்க்கும் வழி எது? மூலை ஒன்று அசையாததால் நாம் திருப்புவது மூன்று முகங்களைத்தான். ஒவ்வொரு முகத்தையும் வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் கால் சுற்று, அரைச் சுற்று என மூன்று விதமாகத் திருப்பலாம். எந்த நிலையில் நின்றாலும் அடுத்து எடுத்து வைக்க ஒன்பது அடிகள் உள்ளன.

குறைந்த அடிகளில் வழி காண்பதற்கு நெடுநாள் பழக்கத்திலுள்ள முறை ‘பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்’, சுருக்கமாக பி.எஃப்.எஸ். எட்வர்ட் மூர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் சிக்கல் பாதைகளில் குறுக்கு வழி காண்பது பற்றி 1959-ல் வெளியான கட்டுரையில் இதை விவரித்தார். அடுக்கடுக்காகத் தேடுவதுதான் இதன் சாரம். தொடங்கும் நிலையிலிருந்து ஒரே திருப்பத்தில் எட்டக்கூடிய நிலைகள் எல்லாம் முதல் அடுக்கு. அவற்றிலிருந்து இன்னொரு திருப்பத்தில் புதிதாகக் கிடைப்பவை இரண்டாம் அடுக்கு. ஒரு அடுக்கை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறோம். ஏற்கெனவே பார்த்த நிலை மறுபடி வந்தால் அதை விட்டுவிடுகிறோம். ஆகவே ஒரு நிலை முதன்முதலில் எந்த அடுக்கில் தென்படுகிறதோ, அதுவே அதன் மிகக் குறைந்த தூரம்.

சின்ன கியூபின் எல்லா நிலைகளையும் இப்படி அடுக்கினால் கிடைக்கும் கணக்கு இது:

| அடுக்கு | புதிய நிலைகள் | அதுவரை மொத்தம் |
|---|---|---|
| 0 | 1 | 1 |
| 1 | 9 | 10 |
| 2 | 54 | 64 |
| 3 | 321 | 385 |
| 4 | 1,847 | 2,232 |
| 5 | 9,992 | 12,224 |
| 6 | 50,136 | 62,360 |
| 7 | 2,27,536 | 2,89,896 |
| 8 | 8,70,072 | 11,59,968 |
| 9 | 18,87,748 | 30,47,716 |
| 10 | 6,23,800 | 36,71,516 |
| 11 | 2,644 | 36,74,160 |

எவ்வளவு கலைத்தாலும் 11 திருப்பங்களுக்குள் சேர்த்துவிடலாம் என்று கடைசி வரி சொல்கிறது. நமக்கு இப்போது முக்கியம் நடு வரிசை. ஐந்தாம் அடுக்கு வரை போனால் மொத்தமே 12,224 நிலைகள். ஆறாம் அடுக்கு மட்டும் அதைப் போல நான்கு மடங்கு. தொடக்கத்தில் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைப் போல ஐந்தாறு மடங்கு பெருகுகிறது. அதனால் கடைசியாகத் திறந்த அடுக்கின் செலவு, அதற்கு முன்னால் செய்த வேலை முழுவதையும் விஞ்சிவிடுகிறது. ஒன்பதாம் அடுக்குக்குப் பிறகு எண்ணிக்கை இறங்குவதற்குக் காரணம், புதிதாகக் கண்டுபிடிக்க நிலைகள் மிச்சமில்லாமல் போவதுதான்.

இனி கடினமான ஒரு கலைப்பை எடுத்துக்கொள்வோம். சேர்ந்த நிலையிலிருந்து 11 திருப்பத் தூரத்தில் இருப்பது. கலைந்த நிலையில் தொடங்கி ஒரே பக்கமாகத் தேடினால், பத்து அடுக்குகளையும் முடித்துப் பதினோராவதில் கால்வைத்த பிறகே விடை வரும். அதற்குள் 36,71,516 நிலைகளைத் தொட்டிருப்போம். கியூபில் அனுமதிக்கப்பட்ட திருப்பங்கள் எந்த நிலையிலும் ஒன்றே என்பதால், எங்கிருந்து தொடங்கினாலும் அடுக்குகளின் எண்ணிக்கை மேலே உள்ள அட்டவணைப்படியே வரும்.

இரு முனைத் தேடலில் இரண்டு பி.எஃப்.எஸ். ஒன்றாக நடக்கின்றன. ஒன்று கலைந்த நிலையிலிருந்து கிளம்புகிறது, மற்றொன்று சேர்ந்த நிலையிலிருந்து. இங்கே ஒரு அடுக்கு, அங்கே ஒரு அடுக்கு என்று மாறி மாறித் திறக்கிறோம். ஒரு பக்கம் புதிய நிலை கிடைக்கும்போதெல்லாம் அது எதிர்ப்பக்கம் ஏற்கெனவே பார்த்ததா என்று சரிபார்க்கிறோம். இரு பக்கமும் ஐந்து அடுக்குகள் முடிந்தபோது தொட்ட நிலைகள் 24,448. சந்திப்பு இன்னும் நடக்கவில்லை. ஆகவே தூரம் பத்துக்கு மேல் என்று உறுதியாகிறது. ஏதாவது ஒரு பக்கம் ஆறாம் அடுக்கைத் திறக்கிறோம். அதில் அதிகபட்சம் 50,136 நிலைகள். அவற்றுள் ஒன்று எதிர்ப்பக்கத்து ஐந்தாம் அடுக்கில் இருந்தே தீரும். ஆறும் ஐந்தும் பதினொன்று, விடை வந்துவிட்டது. மொத்தம் தொட்டவை 74,584-ஐத் தாண்டாது. ஒரு பக்கத் தேடலில் இது ஏறத்தாழ நாற்பத்தொன்பதில் ஒரு பங்கு.

இதைக் கேட்டதும், மலையின் இரு பக்கமிருந்தும் சுரங்கப்பாதை குடைவதுதான் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை நம்மைத் திசைதிருப்பிவிடும். இரு பக்கமிருந்து குடைந்தால் நாள் குறையுமே தவிர, வெட்டியெடுக்கும் மண்ணின் அளவு குறையாது. பாதியில் சந்திப்பதால் மட்டும் வேலை குறைந்துவிடுவதில்லை. தூரம் கூடக்கூட ஒவ்வோர் அடியின் விலையும் ஏறினால்தான் குறையும்.

தடையில்லாத சதுரக் கட்டத் தெருக்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சந்திப்பிலிருந்து 20 அடிகளுக்குள் எட்டக்கூடிய சந்திப்புகள் 841. பத்து அடிகளுக்குள் எட்டக்கூடியவை 221. இரு முனைக்கும் சேர்த்து 442. மிச்சம் ஏறத்தாழ பாதிதான். வட்டத்தின் ஆரத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்பங்காகும். அப்படி இரண்டு வட்டங்கள் சேர்ந்தால் அரைப் பங்கு. கிளையே இல்லாத நேர்கோட்டில் மிச்சம் எதுவும் இல்லை. கியூபில் ஒவ்வொரு அடுக்கும் பல மடங்கு பெருகுவதால், விலையுயர்ந்த ஏழு, எட்டு, ஒன்பது, பத்தாம் அடுக்குகளை நாம் திறக்கவே வேண்டியதில்லை. மிச்சம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

இதே காரணத்தால் இரு பக்கமும் சமமாக வளர்வதும் முக்கியம். அதே 11-ஐ எட்டும் மூன்றுமாகப் பிரித்தால் 11,60,353 நிலைகள் வரை தொட வேண்டியிருக்கும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் பெருகாத இடங்களில் அடுக்கு எண்ணை வைத்து மாறி மாறிப் போகாமல், ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கத்துக் கடைசி அடுக்கு சிறியதோ அதைத் திறப்பது நல்லது.

நிரல் எழுதும்போது தவறு நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, சந்திப்பைச் சரிபார்க்கும் விதம். ஒரு பக்கத்து 50,136 நிலைகளில் ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்து 9,992 நிலைகளோடு வரிசையாக ஒப்பிட்டால் சுமார் 50 கோடி ஒப்பீடுகள் ஆகும். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். பார்த்த நிலைகளை ஹாஷ் டேபிளில் வைத்தால், ‘இது அங்கே உண்டா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஓரிரு பார்வையில் பதில் வந்துவிடும்.

இரண்டாவது, நிறுத்தும் நேரம். ஒரு பக்கத்து அடுக்கு முடியும் முன்பே மறுபக்கம் தாவி, இங்கே ஒரு நிலை அங்கே ஒரு நிலை என்று திறப்பவர்கள் உண்டு. இரு பக்கமும் ஐந்து அடுக்குகள் முடிந்து ஆறாவது பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். அப்போது கிடைக்கும் முதல் சந்திப்பு இரண்டு ஆறாம் அடுக்குகளுக்கு இடையில் நிகழ்ந்தால் 12 திருப்பங்கள் வரும். 11-க்கான வழியோ இன்னும் திறக்காத பாதியில் கிடக்கும். சின்ன கியூபில் 12 என்று வந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். ஒன்பது வரவேண்டிய இடத்தில் பத்து வந்தால் யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் கியூப் ஒழுங்காகச் சேர்ந்துவிடுகிறது. ஒரு அடுக்கை முடித்த பிறகே பக்கம் மாற வேண்டும். பல கலைப்புகளுக்கு ஒரு பக்கத் தேடலையும் ஓட்டி, நீளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் இந்தப் பிழை பிடிபடும்.

மூன்றாவது, இரு பாதிகளையும் ஒட்டும் இடம். இரண்டாம் தேடல் சேர்ந்த நிலையிலிருந்து சந்திப்புக்கு வந்த வழியை வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது சந்திப்பிலிருந்து சேர்ந்த நிலைக்குப் போகும் வழி. வரிசையைத் தலைகீழாக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு திருப்பத்தையும் எதிர்த்திசைக்கு மாற்ற வேண்டும். கியூப்காரர்கள் எழுதும் குறியீட்டில் அந்த வழி `R U2 F'` என்றிருந்தால், ஒட்ட வேண்டியது `F U2 R'`. அரைச் சுற்றான `U2` மட்டும் அப்படியே நிற்கும். இதில் பிசகினால் கியூப் சேராது. அதனால் இந்தப் பிழை சீக்கிரம் அகப்பட்டுவிடும்.

திருப்பத்தை எதிர்த்திசையில் செய்ய முடிகிறது என்பதே இம்முறைக்கு ஆதாரம். ஒருவழிப் பாதைகள் உள்ள வரைபடத்தில் பின்னிருந்து வரும் தேடல், ‘இங்கிருந்து எங்கே போகலாம்’ என்று கேட்கக் கூடாது. ‘இங்கே எங்கிருந்து வந்திருக்கலாம்’ என்று கேட்க வேண்டும். முடிவு எது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சதுரங்கத்தில் எதிரியின் ராஜாவை மடக்கிய நிலை ஒன்றல்ல, எண்ணற்றவை. எதிலிருந்து பின்னோக்கிக் கிளம்புவது?

இன்னொன்று, சின்ன கியூபின் ஆயிரக்கணக்கான கலைப்புகளுக்கு விடை வேண்டுமென்றால் இரு முனைத் தேடல் தேவையே இல்லை. சேர்ந்த நிலையிலிருந்து ஒரே ஒரு முழுத் தேடல் நடத்தி, 36.7 லட்சம் தூரங்களையும் சேமித்துக்கொள்ளலாம். பிறகு எந்தக் கலைப்பு வந்தாலும், தூரம் ஒன்று குறையும் திருப்பத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும். இரு முனைத் தேடலின் லாபம், அவ்வப்போது வரும் ஒற்றைக் கேள்விகளுக்கும் முழு அட்டவணை போட முடியாத பெரிய களங்களுக்கும்தான்.

பெரிய களத்திலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்றுக்கு மூன்று கியூபின் நிலைகள் சுமார் 4.3 லட்சம் கோடி கோடி. எதையும் 20 திருப்பங்களுக்குள் சேர்க்கலாம் என்று 2010-ல் நிறுவப்பட்டது. பாதிக்குப் பாதி பிரித்தால் ஒரு பக்கத்துக்குப் பத்து அடுக்குகள். பத்தாம் அடுக்கில் மட்டும் 23,224 கோடி நிலைகள். ஒரு நிலையைக் குறிக்க ஒன்பது பைட் என்று கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கே இரண்டு டெராபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். ஒரு பக்கத் தேடலோடு ஒப்பிட்டால் இது துளிதான். வீட்டுக் கணினிக்கோ இதுவே மலை. சந்திப்பைக் கண்டுபிடிக்க ஒரு பக்கத்து முன்னணி அடுக்கையாவது முழுவதும் நினைவில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதுதான் இங்கே முட்டுக்கட்டை. 1997-ல் ரிச்சர்ட் கோர்ஃப் பெரிய கியூபுக்கு மிகக் குறைந்த விடைகளைக் கண்டபோது இரு முனைத் தேடலை நாடவில்லை. மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் தனித்தனியே தூர அட்டவணைகளை முன்கூட்டியே போட்டுவைத்து, பயனற்ற கிளைகளை வெட்டிக்கொண்டே ஒரு பக்கமாக ஆழத் தேடினார். நேரம் கூடுதலாகச் செலவானாலும் நினைவகம் தாங்கியது.