கீட்டோனை மட்டும் தொட வேண்டும்

எத்தில் அசிட்டோஅசிட்டேட் என்பது பழ வாசனையுள்ள, நிறமற்ற திரவம். அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் கீட்டோன், மறுபக்கம் எஸ்டர். இரண்டிலும் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கின்றன. கீட்டோனை மட்டும் ஆல்ககாலாக ஒடுக்கி, எஸ்டரை அப்படியே விட்டுவைக்க எதைச் சேர்ப்பது?

சோடியம் போரோஹைட்ரைடைத்தான். 13 கிராம் திரவத்தை எத்தனாலில் கரைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, அந்த வெள்ளைத் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன் ஒவ்வோர் அலகும் நான்கு ஹைட்ரைடுகளைத் தரும் என்பதால் கணக்குப்படி ஒரு கிராமே போதும். கொஞ்சம் எத்தனாலோடு வினைபுரிந்து வீணாகும். அதனால் இரண்டு கிராம் எடுக்கலாம்.

எஸ்டர் தப்புவது ஏன்? அதன் இன்னோர் ஆக்சிஜன் பக்கத்துக் கார்பனுக்கு எலக்ட்ரான் கொடுத்து, அதன் பசியைத் தணித்துவிடுகிறது. போரானோ ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆல்டிஹைடு, கீட்டோன் போலப் பசித்த கார்பனுக்கே விட்டுக்கொடுக்கும். ஆல்டிஹைடு இன்னும் வேகமாக வாங்கிக்கொள்ளும்.

அகச்சிவப்பு நிறமாலையில் 1715 அருகிலுள்ள கீட்டோன் கோடு மறைந்து, 1740 அருகிலுள்ள எஸ்டர் கோடு நின்றால் வேலை சரி. அதற்குப் பிறகும் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால் எஸ்டரும் மெல்லக் கரையத் தொடங்கும்.

லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடுக்கு இந்தத் தயக்கம் இல்லை. அலுமினியத்தின் பிடி தளர்வு. லித்தியமும் ஆக்சிஜனை இழுத்து வழி செய்கிறது. எஸ்டர், அமிலம், அமைடு, நைட்ரைல் எல்லாம் ஒடுங்கும். தனித்து நிற்கும் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை மட்டும் இரண்டுமே தொடுவதில்லை.

இப்போது மாற்றிக் கேட்போம்: எஸ்டர் ஒடுங்க வேண்டும், கீட்டோன் மிஞ்ச வேண்டும். நேராக லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடைச் சேர்த்தால் கீட்டோனும் தப்பாது. நடுவிலுள்ள ஹைட்ரஜனையும் அது பறிப்பதால் விளைபொருள் கலவையாகிவிடும். எனவே முதலில் எத்திலீன் கிளைக்காலும் துளி அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வெளிவரும் நீரைப் பிரித்தெடுத்தால் கீட்டோன் ஒரு வளையத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு ஈரமில்லாத ஈதரில் ஒடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் பொங்கி ஈதர் தீப்பிடிக்கலாம்.

முடிவில் மிச்ச ஹைட்ரைடை அழிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 3 கிராம் போட்டிருந்தால், பனியில் வைத்து 3 மில்லி நீர், 3 மில்லி 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, 9 மில்லி நீர் என்ற வரிசையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அலுமினிய உப்பு வெள்ளை மணலாக வடிகட்ட வரும். அளவு பிசகினால் கூழாகி, பொருளையும் பிடித்துக்கொள்ளும்.

வளையத்தைத் திறக்க மென்மையான அமில நீர் போதும். அமிலம் கடுமையாகவோ சூடாகவோ இருந்தால் புதிய ஆல்ககால் நீரை இழந்து, நச்சுத்தன்மையுள்ள மெத்தில் வினைல் கீட்டோனாகிவிடும். 1715 அருகில் நிற்க வேண்டிய கோடு 1680 பக்கம் இறங்கினால் அது நடந்துவிட்டது என்று அறியலாம்.